எஸ்.பி.எம். கூடுதல் கணித ஆசிரியர் வெளிநாட்டு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீச்சர், நான் எஸ்.பி.எம். கூடுதல் கணிதம் மட்டும்தான் நடத்தியிருக்கிறேன். ஐ.ஜி.சி.எஸ்.இ. பக்கமே போனதில்லை. விண்ணப்பித்தால் மதிப்பார்களா?

மதிப்பார்கள். ஆனால் நீங்கள் என்ன நடத்தினீர்கள் என்பது அவர்களுக்குப் புரிய வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்கள். அவர்கள் போக நினைப்பது வியட்நாம், தாய்லாந்து, வளைகுடா நாடுகளில் உள்ள பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு. அதனால் இங்கே கூடுதல் கணிதத்தையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன்.

முதலில் விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ. அனுபவம் "கட்டாயம்" என்று போட்டிருந்தால் விட்டுவிடலாம். "விரும்பத்தக்கது" என்றால் அனுப்புங்கள். அந்த இடத்தில் அவர்கள் தேடுவது அதே வயதுப் பிள்ளைகளை அதே அளவு கணிதத்தில் ஒரு வெளித்தேர்வுக்குக் கொண்டுபோன ஆளை. அது நீங்கள்தான், ஆனால் "படிவம் 5" என்று எழுதினால் அது தெரியாது. பழைய ஆங்கிலேய வழக்கத்தில் ஐந்தாம் படிவம் என்பது இன்றைய 11ஆம் ஆண்டு, அதாவது 16 வயது முடிக்கும் பிள்ளைகள். நம் படிவம் 5 மாணவருக்கு 17 வயது. அதனால் படிவ எண்ணோடு வயதையும் எழுதுங்கள்: "16 முதல் 17 வயது மாணவர்களுக்கு, தேசியப் பொதுத் தேர்வுக்கான இரண்டாண்டுப் பாடம்." ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 10, 11ஆம் ஆண்டுப் பிள்ளைகள், நம் எஸ்.பி.எம். மாணவரைவிட ஒரு வயது சின்னவர்கள். இது உங்களுக்குத் தெரியும் என்று நேர்காணலில் காட்டிவிட்டாலே பாதிச் சந்தேகம் போய்விடும்.

இரண்டு பாடத்திட்டமும் எவ்வளவு ஒத்துப்போகிறது? ஒரே மாதிரிதான் என்று என் நண்பர் சொல்கிறார்.

நிறைய ஒத்துப்போகும், ஆனால் ஒரே மாதிரி என்று நேர்காணலில் சொல்லாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அநேகமாகக் கணிதத் துறைத் தலைவர். அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. கூடுதல் கணிதத்தின் குறியீடு 0606. அந்தப் பாடத்திட்டத்தை இறக்கி, நம் கே.எஸ்.எஸ்.எம். டி.எஸ்.கே.பி.யோடு பக்கத்தில் வைத்து ஒரு மாலை உட்காருங்கள். சார்புகள், இருபடிச் சமன்பாடு, மடக்கை, நேர்கோட்டு விதி, வெக்டர், வட்ட அளவை, முக்கோணவியல், வரிசைமாற்றமும் சேர்மானமும், தொடர்கள், நுண்கணிதம், நேர்கோட்டு இயக்கம் எல்லாம் இரண்டிலும் உண்டு. நம்மிடம் மட்டும் இருப்பவை குறியீட்டெண், நேரியல் திட்டமிடல், நிகழ்தகவுப் பரவல். அவர்களிடம் மட்டும் இருப்பவைதான் நீங்கள் தயாராக வேண்டியவை. பல்லுறுப்புக் கோவைகளின் காரணித் தேற்றமும் மீதித் தேற்றமும், ஈருறுப்பு விரிவாக்கம், அப்புறம் மிக முக்கியமாக sin x, cos x, eˣ, ln x ஆகியவற்றை வகையிடுவதும் தொகையிடுவதும். நம் படிவம் 5 வகையீடு இயற்கணிதச் சார்புகளோடு நின்றுவிடும். பல்கலைக்கழகத்தில் படித்ததுதானே என்று நினைப்பீர்கள். சரி, ஆனால் 15 வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுத்துப் பல வருடமாகியிருக்கும், அல்லது சொல்லிக்கொடுத்ததே இருக்காது.

இன்னொரு வித்தியாசம் இதைவிடப் பெரியது. எஸ்.பி.எம்.மில் இரண்டு தாளுக்கும் கணிப்பான் உண்டு. 0606இல் 2025 தேர்விலிருந்து முதல் தாளுக்குக் கணிப்பான் கிடையாது. வகுப்புக்குள் எல்லாவற்றையும் கணிப்பானில் தட்டிப் பழகிய ஆசிரியரின் பயிற்சித்தாள்கள் அங்கே பாதிக்கு மேல் உதவாது. 3²ˣ − 10(3ˣ) + 9 = 0 போன்ற கணக்கு அங்கே கைகொடுக்கும்: 3ˣ ஐ u என்று வைத்தால் (u − 1)(u − 9) = 0, ஆக x = 0 அல்லது 2. விடை சுத்தமாக வரும்படி கேள்வி அமைப்பதே ஒரு தனி வேலை. "கணிப்பான் இல்லாத தாளுக்காக என் கேள்விகளை இப்படி மாற்றிக்கொள்வேன்" என்று ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள். பாடத்திட்டத்தை உண்மையாகவே திறந்து பார்த்த ஆள் என்று உடனே தெரிந்துவிடும்.

திருத்தும் முறையில் கவலைப்பட ஒன்றும் இல்லை. நம் விடைத் திட்டத்தில் P1, K1, N1 என்று போடுகிறோமே, அறிவுக்கும் வழிமுறைக்கும் விடைக்கும், அதே எண்ணம்தான் அங்கே B, M, A என்ற எழுத்துகளில் இருக்கிறது. வழிமுறைக்கு மதிப்பெண் கொடுத்துத் திருத்திப் பழகியவர் நீங்கள் என்பதைச் சுயவிவரத்தில் ஒரு வரியாகப் போடலாம்.

என் சுயவிவரத்தில் பி.பி.டி., பி.ஏ.கே.21, கே.பி.ஏ.டி., பனித்தியா தலைவர், ஏ.பி.சி. விருது எல்லாம் இருக்கிறது. இது போதாதா?

அத்தனையும் மலேசியாவுக்குள் மட்டும் அர்த்தமுள்ள எழுத்துகள். ஹனோயில் இருக்கும் ஒரு முதல்வர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். விரித்து எழுதினாலும் போதாது. என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும்.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து ஆசிரியை ஒருவரின் பழைய வரி இப்படி இருந்தது: "கே.எஸ்.எஸ்.எம். கூடுதல் கணிதம் படிவம் 4, 5. பி.பி.டி. நடைமுறைப்படுத்தியவர். கணிதப் பனித்தியா தலைவர். ஜி.பி.எம்.பி. 6.8லிருந்து 5.9." இதில் கடைசி வரிதான் அவருக்கு ரொம்பப் பெருமை. ஆனால் நம்முடைய சராசரிப் புள்ளியில் ஏ பிளஸுக்கு 0, ஜி தரத்துக்கு 9. எண் குறையக் குறைய நல்லது. வெளியில் உள்ளவர் படித்தால் தேர்ச்சி விழுந்துவிட்டது என்றுதான் நினைப்பார். ஆக, தன் சாதனையைத் தோல்வி மாதிரி எழுதி வைத்திருந்தார்.

மாற்றிய பிறகு ஆங்கிலத்தில் அவர் எழுதியதன் சாரம்: "16, 17 வயது மாணவர் 27 பேருக்கு இரண்டாண்டுக் கூடுதல் கணிதம், பாடப்பொருள் கேம்பிரிட்ஜ் 0606க்கு நெருக்கமானது. முதலாண்டு அரையாண்டுத் தேர்வில் 15 பேர் தேர்ச்சி பெறவில்லை. தேசியத் தேர்வில் தேர்ச்சி பெறாதவர் 4 பேர். ஒவ்வொரு தலைப்பும் முடிந்ததும் 6 நிலை அடைவு விவரிப்பின்படி மதிப்பிட்டு, 1, 2 நிலையில் நின்றவர்களுக்கு அடுத்த வாரமே தனிப் பயிற்சி. 5 கணித ஆசிரியர்களின் ஆண்டுத் திட்டத்தையும் பொதுத் தேர்வுத்தாள்களையும் ஒருங்கிணைத்தேன்." வகுப்புசார் மதிப்பீடு, அடைவு நிலை, பனித்தியா எல்லாமே இதில் இருக்கிறது, சுருக்கெழுத்து ஒன்றும் இல்லாமல்.

விருதை விடவேண்டாம். ஒரே வரி, கடைசியில். பள்ளிக் கூட்டுறவுக் கடைக் கணக்கு பார்த்தது, பி.ஐ.பி.ஜி. கூட்டக் குறிப்பு எழுதியது இவையெல்லாம் தேவையில்லை. சாரணர், பூப்பந்து, சதுரங்கம் இருந்தால் வையுங்கள். அந்தப் பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியரும் பாடத்துக்கு வெளியே ஏதாவது ஒன்று நடத்தியாக வேண்டும், அதைப் பார்த்தும் ஆள் எடுப்பார்கள்.

"நூறு விழுக்காடு தேர்ச்சி" என்று போடலாமா?

போடலாம், ஆனால் தேர்ச்சி என்றால் என்ன தரம் என்று பக்கத்திலேயே சொல்லுங்கள். எஸ்.பி.எம்.மில் ஈ வரை தேர்ச்சி, ஜி என்றால் தோல்வி. ஐ.ஜி.சி.எஸ்.இ.யின் பெரும்பாலான பாடங்களில் ஜி என்பது கடைசித் தேர்ச்சித் தரம். அதற்கும் கீழே போனால்தான் யு. அதே எழுத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள். தரத்தை எழுதினால் அளவுகோலையும் ஒரு முறை எழுதிவிடுங்கள்: "ஏ பிளஸ் முதல் ஈ வரை தேர்ச்சி, ஜி தோல்வி." அங்கே பள்ளிகள் பொதுவாக சி அல்லது அதற்கு மேல் எத்தனை பேர் என்று கேட்கும். அந்த எண்ணிக்கையையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை சுமாராக இருந்தால் மறைக்க வேண்டாம். தொடக்கம் எங்கே, முடிவு எங்கே என்று இரண்டையும் காட்டினால் 12 பேர் சி எடுத்த வகுப்புகூட நல்ல வகுப்புதான்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகள். அப்பா செம்பனை வெட்டப் போகிறார், வீட்டில் படிக்க இடமில்லை. இதை எழுதினால் குறைவாக நினைப்பார்களா?

பரிதாபமாக எழுதினால்தான் குறைவு. என் கருத்தில், பிள்ளைகளின் வறுமையை ஆசிரியரின் தியாகக் கதைக்குப் பின்னணியாக வைப்பது பிள்ளைகளுக்கும் நியாயமில்லை. வகுப்பில் நீங்கள் எடுத்த முடிவாக எழுதுங்கள். வீட்டில் அமைதியான மேசை இல்லாத பிள்ளைக்கு நீண்ட வீட்டுப்பாடம் கொடுத்துப் பயனில்லை, அதனால் பயிற்சியைப் பாட நேரத்துக்குள் கொண்டுவந்து, வீட்டுக்கு மூன்று கேள்வி மட்டும் கொடுத்தேன் என்று சொன்னால், அது கற்பித்தல். கலப்புத் திறன் வகுப்பு என்று அவர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே வகுப்பில் ஏ பிளஸ் எடுக்கப்போகிறவனும் அடிப்படை இயற்கணிதம் தடுமாறுகிறவனும் உட்கார்ந்திருந்தார்களா? இருவருக்கும் அன்றைக்கு என்ன கொடுத்தீர்கள்? அதை எழுதுங்கள்.

நான் மலாய் மொழியில்தான் பாடம் நடத்துகிறேன். அதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

சொல்லுங்கள். எப்படியும் கேட்பார்கள், மறைத்தது தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். டி.எல்.பி. வகுப்பு எடுத்திருந்தால் எந்த ஆண்டு, எந்தப் படிவம் என்று குறிப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால், விண்ணப்பிக்கும் முன் சில மாதங்கள் ஆங்கிலத்தில் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை பெரும்பாலும் இலக்கணத்தில் வருவதில்லை. ஒரு சமன்பாட்டை வாய்விட்டுத் தடுமாறாமல் ஆங்கிலத்தில் படிப்பதில்தான் வரும். வகையிட்ட வரியை, அடுக்கு உள்ள பின்னத்தை, வரம்புள்ள தொகையீட்டைப் படித்துப் பாருங்கள். கையில் எழுத வருவது வாயில் வராது. பழைய 0606 தாள் ஒன்றை எடுத்து முழுத் தீர்வையும் சத்தமாகச் சொல்லி, கைப்பேசியில் பதிந்து கேளுங்கள்.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஆசிரியர் என்பது அங்கே நல்ல விஷயம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள்தான் அந்தப் பள்ளிகளில் அதிகம்.

மாலையில் என் வீட்டில் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பத்து மணிக்குக்கூடச் சந்தேகம் தீர்க்கிறேன். இதை முதலில் எழுதலாமா, அக்கா?

எழுதவே எழுதாதீர்கள். நம் ஊரில் இது நல்ல ஆசிரியருக்கு அடையாளம். மழை பெய்தால் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து லயத்தில் இறக்கிவிட்டு வருவதும் அப்படித்தான். ஆனால் பிரிட்டிஷ் முறைப் பள்ளிகளில் மாணவரோடு சொந்தக் கைப்பேசி எண்ணில் பேசுவது, தனியாகக் காரில் கூட்டிப்போவது, வீட்டுக்கு வரவழைப்பது மூன்றும் பிள்ளைப் பாதுகாப்பு விதிகளை மீறுவதாகும். நீங்கள் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆசிரியரும் மாணவரும் மற்றவர் பார்வையில்லாமல் தனியாக இருக்கும் நிலையே வரக்கூடாது என்பதுதான் விதி. அது உங்களையும் காப்பாற்றுகிறது.

செய்ததைப் பொய்யாக்க வேண்டியதில்லை. "பள்ளி முடிந்ததும், பள்ளி நூல்நிலையத்தில், தலைமையின் அனுமதியோடு வாரம் இரண்டு நாள் துணைப்பாடம்" என்பது உண்மையாக இருந்தால் அதை எழுதுங்கள். வீட்டில் மட்டும்தான் நடத்தினீர்கள் என்றால் விட்டுவிடுங்கள்.

நேர்காணலில் இது சம்பந்தமான கேள்வி நிச்சயம் வரும். கணிதம் பற்றி ஒன்றும் கேட்காமல் இதைக் கேட்பார்கள்: ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஒரு விஷயத்தைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நம்மில் பலர், நம்பிக்கையைக் காப்பாற்றுவேன், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவேன் என்று சொல்லி அங்கேயே வாய்ப்பை இழக்கிறார்கள். எதிர்பார்க்கப்படும் பதில் இது. ரகசியமாக வைப்பதாக வாக்குக் கொடுக்கமாட்டேன். பிள்ளை சொல்வதைக் கேட்பேன், துருவிக் கேட்கமாட்டேன், நானாக ஒன்றை ஊகித்து அவன் வாயில் போடமாட்டேன். அவன் சொன்ன சொற்களிலேயே எழுதி, அன்றைக்கே பள்ளியின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுப்பேன். பெற்றோரை நானாகக் கூப்பிடமாட்டேன், ஏனென்றால் பிரச்சினை வீட்டிலேயே இருக்கலாம்.

கட்டொழுங்கு பற்றிக் கேட்டால்? இங்கே ரோத்தான் இருக்கிறது, அங்கே ஒன்றுமே இல்லையாம்.

ரோத்தான், காதைத் திருகுவது, வெயிலில் நிற்க வைப்பது எதையும் பெருமையாகவோ வேடிக்கையாகவோ சொல்லாதீர்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் அடி 1987லேயே தடை செய்யப்பட்டது, தனியார் பள்ளிகளில் 1999இல். அந்த முறையில் வளர்ந்த முதல்வருக்கு அது ஒரு தலைமுறைக்கு முந்தைய சமாசாரம். "முதலில் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொல்வேன்; தொடர்ந்தால் பள்ளியின் நடத்தை விதிப்படி அடுத்த படி; பாடம் முடிந்த பிறகு அவனோடு பேசுவேன்" என்ற வரிசை போதும். நல்ல கட்டொழுங்கு ஆசிரியர்கள் இங்கேயும் அதைத்தான் செய்கிறார்கள்.

மாதிரிப் பாடம் 30 நிமிடம் நடத்தச் சொல்கிறார்கள். நான் நன்றாக விளக்குவேன், அது போதுமா?

நன்றாக விளக்குவதால்தான் பலருக்கு அங்கே இடிக்கிறது. நம் வகுப்பில் ஆசிரியர் ஒரு கணக்கைப் பலகையில் முழுதாகச் செய்து காட்டி, "பாஹாம்?" என்று கேட்க, வகுப்பே "பாஹாம் சிக்கு!" என்று ஒரே குரலில் சொல்லும். பின்னாலிருந்து பார்க்கும் முதல்வர் குறித்துக்கொள்வது ஒன்றுதான்: யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று இந்த ஆசிரியருக்குத் தெரியவில்லை.

நேர்கோட்டு விதியை வைத்து ஒரு பாடம் அமைத்துப் பார்ப்போம். y = Abˣ என்ற தொடர்பு. x = 1, 2, 3, 4 என்றால் y = 6, 12, 24, 48. முதல் ஐந்து நிமிடம் பழைய பாடத்திலிருந்து மூன்று சிறு கேள்வி, மடக்கை விதி பற்றி. பிள்ளைகள் சிறு வெண்பலகையில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். அப்புறம் இந்த அட்டவணையைக் கொடுத்து, வளைகோட்டிலிருந்து A, b இரண்டையும் துல்லியமாக எப்படி எடுப்பது என்று இருவர் இருவராகப் பேசவிடுங்கள். விடை வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏன் நேர்கோடாக்குகிறோம் என்ற தேவை அவர்களுக்குள் வந்தால் போதும். பிறகு நீங்கள்: lg y = (lg b)x + lg A. சாய்வு lg 2, வெட்டுத்துண்டு lg 3. இது பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

இப்போது பாடத்தின் மையமான கேள்வி. "வேறொரு சோதனையில் lg y, x வரைகோடு நிலை அச்சை 0.5இல் வெட்டுகிறது. A என்ன?" மூன்று விடை கொடுங்கள்: 0.5, 5, 3.16. எல்லாரும் ஒரே நேரத்தில் பலகையைத் தூக்க வேண்டும். 0.5 என்று எழுதியவன் வெட்டுத்துண்டே A என்று நினைக்கிறான். 5 என்று எழுதியவன் மடக்கையைத் திருப்புவதென்றால் பத்தால் பெருக்குவது என்று நினைக்கிறான். 3.16 எழுதியவனுக்குத் தெரியும், A = 10⁰·⁵. எஸ்.பி.எம். தாள் திருத்தியவர்களுக்கு முதல் தவறு நன்றாகவே தெரிந்திருக்கும், ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் மதிப்பெண் போகும். அந்த அனுபவத்தைத்தான் இந்தக் கேள்வியாக்குகிறோம்.

பாதிப் பேர் 0.5 என்று காட்டினால் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் வேலை கிடைப்பது இருக்கிறது. திட்டமிட்ட பயிற்சியை ஒதுக்கிவிட்டு, 0.5 எழுதிய ஒருவரையும் 3.16 எழுதிய ஒருவரையும் காரணம் சொல்ல வையுங்கள், தவறியவர்களை அவமானப்படுத்தாமல். திட்டம் முடியவில்லையே என்று பதற வேண்டாம். நாள் பாடத்திட்டத்தில் எழுதியதை முடித்தே தீர வேண்டும் என்ற பழக்கம் நம்மிடம் ஊறியது. அங்கே அதற்கு மதிப்பில்லை, மாற்றியதற்குத்தான் மதிப்பு. பாடம் முடிந்ததும் "எது சரியாகப் போகவில்லை?" என்று கேட்பார்கள். "எல்லாம் நன்றாகப் போனது" என்பது மோசமான பதில். மூன்றாம் வரிசைப் பெண் கடைசி வரை ஒன்றும் எழுதவில்லை, நான் அதைத் தாமதமாகக் கவனித்தேன் என்பது நல்ல பதில்.

இணையவழி நேர்காணலென்றால் சிலர் வகுப்புக் காணொலி கேட்பார்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் காணொலியைத் தலைமை, பெற்றோர் அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள். அனுப்பினாலே பாதுகாப்பு விதி தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடலாம்.

இங்கிலாந்தின் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழான பி.ஜி.சி.இ. இல்லாமல் எடுப்பார்களா?

பள்ளியைப் பொறுத்தது. பல பள்ளிகள் "அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் தகுதி" என்றுதான் கேட்கும். அதற்கு நம் கல்வியியல் இளங்கலையோ பட்டத்துக்குப் பிந்தைய கல்வி டிப்ளோமாவோ பொருந்தலாம், அனுப்பும் முன் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இங்கிலாந்தின் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை கட்டாயம் என்றால் நம் சான்றிதழ் நேரடியாகப் போதாது. பணம் கட்டி இணையத்தில் பன்னாட்டு பி.ஜி.சி.இ. படிக்கக் கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது மட்டும் அந்த நிலையைத் தராது.

பரிந்துரைக் கடிதத்துக்கு எங்கள் பகுதி மக்கள் பிரதிநிதியிடம் கேட்கலாமா?

வேண்டாம். இப்போதைய பள்ளித் தலைமையும் உங்கள் பாடத்தை நேரில் பார்த்த இன்னொருவரும் போதும். கடிதத்தை நீங்கள் கையில் வாங்கி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். பள்ளியே நேரடியாக அவர்களுக்கு எழுதும், பிள்ளைகளோடு வேலை செய்ய நீங்கள் ஏற்றவரா என்று வெளிப்படையாகக் கேட்கும். அதனால் விண்ணப்பிக்கிறேன் என்பதை முதல்வரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் தலைமை என்றால், நீங்கள் செய்த வேலைகளின் குறிப்பை ஒரு பக்கத்தில் கொடுக்கலாம். கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்.

வேலை செய்யாத இடைவெளி ஏதாவது இருந்தால், பிரசவமோ அம்மாவைப் பார்த்துக்கொண்டதோ, மாதத்தோடு எழுதிக் காரணத்தையும் சொல்லுங்கள். விட்டுப்போன மாதங்களைக் கேட்பதும் பாதுகாப்பு நடைமுறையில் ஒரு பகுதி. வெளியுறவு அமைச்சின் நன்னடத்தைச் சான்றிதழுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். பெரும்பாலான பள்ளிகள் ஆகஸ்டில் தொடங்கும், அது நம் பள்ளி ஆண்டின் நடுப்பகுதி. அரசு ஆசிரியர்கள் பதவி விலகலா, சம்பளமில்லா விடுப்பா என்பதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

போன பிறகு முதல் தவணையில் எது கஷ்டமாக இருக்கும்?

பாடம் கஷ்டமாக இருக்காது. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லமாட்டார்கள், பாதியில் கையைத் தூக்கி "ஏன் இப்படிச் செய்கிறீர்கள், வேறு வழி இல்லையா?" என்று கேட்பார்கள். முதல் வாரம் மரியாதைக் குறைவாகத் தோன்றும். கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தியவர்கள் அங்கே சீக்கிரம் பிள்ளைகளை இழந்துவிட்டார்கள். அதே நேரத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் கூடாது. இருக்கை வரிசை, வகுப்பில் நுழையும் முறை, குறிப்பேடு எழுதும் ஒழுங்கு ஆகியவற்றை முதல் நாளே சொல்லி அதில் உறுதியாக நில்லுங்கள். அந்த உறுதி நம் ஆசிரியர்களிடம் ஏற்கனவே உண்டு.

மதிப்பெண்ணுக்கு வாதாடுவார்கள். விடைத் திட்டத்தைத் திரையில் காட்டி, எந்த வரிக்கு எம், எந்த வரிக்கு ஏ என்று அவர்களையே திருத்த வையுங்கள். இரண்டு தேர்வு போனால் வாதம் குறையும், வழிமுறை எழுதும் பழக்கமும் வரும்.

பெற்றோர் மின்னஞ்சல் இன்னொன்று. நம் ஊரில் பெற்றோர் பள்ளிக்கு வந்தால் "நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், டீச்சர்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அங்கே "என் மகளுக்கு ஏன் பி, எந்தத் திறனில் குறைவு, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மூன்று பத்தியில் வரும். ராத்திரியே பதில் போடாதீர்கள். தலைப்பு வாரியான மதிப்பெண் பதிவு உங்களிடம் இருந்தால் மறுநாள் நான்கு வரியில் பதில் சொல்லிவிடலாம். பி.பி.டி.க்காக மாய்ந்து மாய்ந்து பதிந்தோமே, அதே பதிவுதான். கடுமையான மின்னஞ்சலாக இருந்தால் துறைத் தலைவருக்குக் காட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள், அது அங்கே பலவீனம் ஆகாது.

நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக் கணிதம் நடத்துகிறேன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பாதுகாப்பு, நடத்தை, பரிந்துரை பற்றியவை அப்படியே பொருந்தும். பாடத்தில் கவனிக்க வேண்டியது வயது. நம் நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு 10 வயது, அது இங்கிலாந்து முறையில் 5ஆம் ஆண்டு. அவர்களுடைய 4ஆம் ஆண்டில், 8, 9 வயதில், 12 வரை பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு ஒரு தேசியச் சோதனை உண்டு: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதில் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அங்கே யாரும் பாடம் எடுக்க முடியாது, அதைத் தைரியமாக எழுதுங்கள். ஆனால் அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒரே வகுப்புக்குக் கணிதம், ஆங்கிலம், அறிவியல், வரலாறு எல்லாம் எடுப்பார். கணிதம் மட்டும் என்று விண்ணப்பித்தால் இடம் அரிது. உங்கள் பள்ளியில் வேறு எந்தெந்தப் பாடம் எடுத்தீர்கள் என்பதை, பதிலி வகுப்பு உட்பட, முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பாக ஆங்கிலம்.